ஒரு குரங்கு, ஒரு மூக்குக்கண்ணாடி, 75 விநாடித் துரத்தல்

1993இல் வெளிவந்த 'த ராங் ட்ரவுசர்ஸ்' என்ற களிமண் பொம்மைப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் கடைசித் துரத்தல் மறக்காது. வீட்டுக் கூடத்துக்குள் பொம்மை ரயில் பறக்கிறது. வைரம் திருடிய பென்குயின் முன்னால் போகிறது. கிராமிட் என்ற நாய் பின்னால் விரட்டி வருகிறது. ஒரு கட்டத்தில் நாய்க்குத் தண்டவாளம் தீர்ந்துவிடுகிறது. பெட்டியிலிருந்து தண்டவாளத் துண்டுகளை அள்ளி அள்ளித் தன் வண்டிக்கு முன்னால் போட்டுக்கொண்டே போகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஆர்ட்மேன் ஸ்டுடியோவுக்காக நிக் பார்க் இயக்கிய இந்த அரைமணி நேரப் படம், சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. அந்தப் பென்குயினும் நாயும் படம் முழுக்க ஒரு வார்த்தை பேசுவதில்லை. இருந்தும் யார் யாரைத் துரத்துகிறார்கள், நடுவே எவ்வளவு தூரம், எது தவறினால் ஆட்டம் முடிந்தது என்பதெல்லாம் பார்க்கிற குழந்தைக்குக்கூடப் புரிகிறது.

இந்தத் தெளிவு தற்செயலாக வாய்ப்பதில்லை. நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் ஒரே ஓட்டத்தை நான்கு கோணத்தில் எடுத்துவிட்டு, எது வேண்டும் என்று எடிட்டிங் அறையில் முடிவு செய்யலாம். அனிமேஷனில் அந்த வசதி கிடையாது. ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு ஃப்ரேம் நிறுத்திச் சிக்கனம் பிடித்தாலும் விநாடிக்கு 12 ஓவியம் வேண்டும். இரண்டு விநாடி ஷாட் ஒன்றை வேண்டாம் என்று தூக்கிப் போட்டால் 24 ஓவியங்களின் உழைப்பு வீண். ஆகவே இங்கே எடிட்டிங் முதலில் நடக்கிறது, படம் வரைவது பிறகு. அப்படி முன்கூட்டியே செய்யும் எடிட்டிங்தான் ஸ்டோரிபோர்டு. சின்னச் சின்னக் கட்டங்களில் காட்சியை வரைந்து, பலகையில் வரிசையாகக் குத்தி, கழற்றி, மாற்றிக் குத்திப் பார்க்கும் இந்த வழக்கம் 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டுடியோவில் வேரூன்றியது.

துரத்தல் காட்சியை முதன்முதலாக வரைய உட்காருபவர்கள் பெரும்பாலும் வேகத்தை வரையத்தான் முயல்வார்கள். பறக்கும் முடி, புழுதி, முதுகுக்குப் பின்னால் கோடுகள். ஒவ்வொரு கட்டமும் தனியாகப் பார்த்தால் அழகாகவே இருக்கும். வரிசையாக ஓட்டிப் பார்த்தால் விறுவிறுப்பு இருக்காது. துரத்தலின் விறுவிறுப்பு இரண்டு பேருக்கும் இடையிலுள்ள இடைவெளியில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அது குறைகிறதா, கூடுகிறதா என்று பார்ப்பவர் அளந்துகொண்டே இருக்க வேண்டும். அளக்க முடியாதபோது என்ன வேகத்தில் ஓடினாலும் அது வெறும் ஓட்டம்தான்.

இதை ஒரு கதையை வைத்தே பார்ப்போம். இந்தக் கட்டுரைக்காகவே ஒரு சின்னக் குறும்படத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். மலைக்கோயில் படிக்கட்டு. அடியிலுள்ள கல்மண்டபத்தில் தாத்தா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒன்பது வயதுப் பேத்தி செல்வி, தோளில் தேங்காய் பழப் பை. குரங்கு ஒன்று தாவி வந்து தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு மேலே ஓடுகிறது. செல்வி துரத்துகிறாள். துரத்தலுக்கு நாம் ஒதுக்குவது 75 விநாடி, அதாவது 1,800 ஃப்ரேம்.

கட்டம் வரையும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பறவை மேலிருந்து பார்ப்பதைப் போல அந்த இடத்தை ஒரு தாளில் வரைய வேண்டும். நம் படத்துக்கு நான்கு அடையாளங்கள் போதும். அடியில் நான்கு தூண் மண்டபம். அதற்குச் சற்று மேலே, கைப்பிடிக் கம்பி உடைந்து தொங்கும் இடம். நடுவழியில் ஒரு தோரண வாயில். உச்சிக்குக் கீழே பாறைச் சுனை. நான்குக்கும் வெவ்வேறு உருவம் இருப்பதைக் கவனியுங்கள். பின்னணியில் மங்கலாக ஓடினால்கூட எந்த இடம் என்று தெரிந்துவிடும். ஒரே மாதிரித் தூண்களாக, ஒரே மாதிரிப் படிகளாக வரைந்துவிட்டால், செல்வி பாதி வழி ஏறிவிட்டாளா, இன்னும் அடியிலேயே இருக்கிறாளா என்பது யாருக்கும் தெரியாது.

இந்தத் தாளில் படிக்கட்டு நெடுக ஒரு கோடு போட வேண்டும். அதுதான் ஓட்டத்தின் கோடு. கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கத்தில் மட்டுமே நிற்க வேண்டும். சினிமாவில் 180 டிகிரி விதி என்று சொல்வது இதைத்தான். கோட்டின் இந்தப் பக்கம் நின்று பார்த்தால் செல்வி இடமிருந்து வலமாக ஏறுவாள். கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய்ப் பார்த்தால் அதே செல்வி வலமிருந்து இடமாக ஏறுவதாகத் தெரியும். உண்மையில் அவள் போக்கு மாறவில்லை. ஆனால் திரையில் பார்ப்பவருக்கு அவள் திரும்பிவிட்டாள். குரங்கு வலப்பக்கம் ஓடும் ஷாட்டுக்கு அடுத்து செல்வி இடப்பக்கம் ஓடும் ஷாட் வந்தால், இருவரும் எதிரெதிரே வந்து முட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்றோ, இவள் துரத்துவதை விட்டுவிட்டாள் என்றோதான் மனம் படிக்கும். அதைச் சரிசெய்துகொள்ள மூளைக்குச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் அந்த ஷாட் போய்விடும்.

எந்தப் பக்கம் நிற்பது? இங்கே ஒரு நல்ல முடிவு இரண்டு வேலையைச் செய்யும். மலைப்பாறை முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, பள்ளத்தாக்கை நோக்கிக் கேமராவை வைத்தால் பின்னணி முழுக்க வெளிறிய வானம். கைப்பிடிக் கம்பி பள்ளத்துப் பக்கம் ஓடுகிறது. அதன் மேல் தாவும் குரங்கு, வெளிச்சத்துக்கு எதிரே கரிய உருவமாகப் பளிச்சென்று தெரியும். மறுபக்கம் நின்றால் பழுப்புக் குரங்கு பழுப்புப் பாறையில் கரைந்துபோகும். ஆக, நம் படத்தில் வானம் எப்போதும் பின்னால்; மேலே ஏறுவது என்றால் திரையில் வலப்பக்கம்; கீழே இறங்குவது என்றால் இடப்பக்கம். இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும்.

இப்போது சிறு கட்டங்களை வரையலாம். தீப்பெட்டி அளவு போதும். குச்சி மனிதர்கள் போதும். பெரிதாக வரைந்தால் முகபாவத்தில் நேரம் போய்விடும், வரைந்ததைக் கிழித்துப் போடவும் மனம் வராது. கட்டத்துக்குள் பாத்திரம் நகரும் திசைக்கு ஒரு நிறத்தில் அம்பு. கேமரா நகர்ந்தால் வேறொரு நிறத்தில் அம்பு. நிறம் எதுவானாலும் சரி, இரண்டையும் கலக்கக் கூடாது. கலந்துவிட்டால் குரங்கு ஓடுகிறதா, குரங்கு நிற்கக் கேமரா ஓடுகிறதா என்று வரையப்போகும் அனிமேட்டருக்குத் தெரியாது.

முதல் 12 விநாடி, பறிப்பும் புறப்பாடும். முதல் ஷாட்டில் தாத்தா, செல்வி, பை, மண்டபம் எல்லாம் ஒரே சட்டத்தில் தெரிய வேண்டும். அந்தப் பை பிறகு தேவைப்படும். குரங்கு பறிக்கிறது, வலப்பக்கம் பாய்கிறது. அதன் முதல் தாவல் எங்கே விழ வேண்டும் என்பதை யோசித்துத் தீர்மானிக்கிறோம்: உடைந்த கைப்பிடிக் கம்பியில். குரங்கின் கனம் தாங்காமல் கம்பி பள்ளத்துப் பக்கம் சாய்ந்து ஆடுகிறது. ஒரு கல் பெயர்ந்து விழுகிறது. குரங்கு அடுத்த கம்பிக்குத் தாவிவிடுகிறது. பார்ப்பவருக்கு இப்போது இது ஒரு வேடிக்கை மட்டுமே. ஆனால் அந்தக் கம்பியை நம்பக் கூடாது என்ற செய்தி உள்ளே போய்விட்டது. அடுத்து வருவதுதான் இடைவெளியை அளக்கும் ஷாட்: பக்கவாட்டில் இருந்து, குரங்கும் செல்வியும் ஒரே சட்டத்தில், நடுவே ஐந்து படி. இந்த மாதிரி ஷாட் துரத்தல் நெடுக அவ்வப்போது திரும்ப வர வேண்டும். குரங்கைத் தனியாக, செல்வியைத் தனியாக மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டே போனால் நான்காவது ஷாட்டில் அளவு தொலைந்துவிடும்.

அடுத்த 20 விநாடியில் தோரண வாயில் வரை போக வேண்டும். இங்கே இன்னும் வேகமாக ஓடவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அதில் பயனில்லை. ஓட்டத்தின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. பத்து விநாடியில் கண் அதற்குப் பழகிவிடும். நிலைமை மாற வேண்டும். கிராமிட்டுக்குத் தண்டவாளம் தீர்ந்துபோவதன் அருமை அதுதான். ரயிலின் வேகம் அதேதான். ஆனால் பென்குயினைப் பிடிப்பது என்ற கேள்வியோடு, அடுத்த நொடிக்குத் தண்டவாளம் இருக்குமா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. நம் கதையில் தரிசனம் முடித்து ஒரு கூட்டம் இறங்கி வருகிறது. குரங்குக்கு அது பொருட்டில்லை, கம்பி மேலேயே ஓடிவிடும். செல்விக்கு அது சுவர். கூட்டம் இடப்பக்கம் இறங்குகிறது, செல்வி வலப்பக்கம் முண்டுகிறாள்; திசைகள் முரண்படுவதே தடையைச் சொல்லிவிடுகிறது. கூட்டத்தைத் தனித்தனி ஆட்களாக வரையக் கூடாது. ஒரே வெளிர் சாம்பல் நிறப் பரப்பாக விட்டு, செல்வியை மட்டும் அழுத்தமான கருமையில் வரைந்தால் அவள் எங்கே இருக்கிறாள் என்று தேட வேண்டியிருக்காது. கூட்டத்தைக் கடந்ததும் மறுபடி அளக்கும் ஷாட்: ஐந்து படியாக இருந்தது இருபது படியாகிவிட்டது.

செல்வி வழுக்கி விழப் பார்க்கும் ஒரு கணத்தை இங்கே வைக்கலாம். புரியும்படி வரைவது எப்படி என்பதற்கு இது நல்ல பாடம். பலர் இதை ஒரே கட்டத்தில் வரைவார்கள்: காற்றில் கால், விரிந்த கை, பயந்த முகம். படம் ஓடும்போது ஏதோ நடந்தது, என்னவென்று தெரியவில்லை என்றாகும். காரணம் முன்னால் வர வேண்டும். முதல் கட்டத்தில் படியில் உடைந்த தேங்காயும் சிந்திய இளநீரும். செல்வி இன்னும் சட்டத்துக்குள் வரவில்லை. இரண்டாவதில் அவள் கால் அந்த ஈரத்தில் படுகிறது. மூன்றாவதில் உடல் முழுதும் தெரியும்படி பின்னால் சாய்கிறாள். நான்காவதில் கம்பியைப் பிடித்து நிமிர்கிறாள். இந்த நான்கும் சேர்ந்து இரண்டு விநாடிக்குள் முடிந்துவிடும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு செய்திதான் இருக்கிறது என்பதால் எவ்வளவு வேகமாகப் போனாலும் புரியும். மூன்றாவது கட்டத்தில் கையும் காலும் உடம்புக்கு முன்னால் குவியாமல் வெளியே நீட்டியிருக்க வேண்டும். அந்த உருவத்தை முழுக்கக் கறுப்பு மை பூசிப் பார்த்தாலும் ஒரு பெண் வழுக்குகிறாள் என்று தெரிந்தால் அது சரியான கட்டம்.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது கண்ணின் எல்லையையும் சொல்ல வேண்டும். திரையில் கவனிக்க வேண்டிய பொருள் இடம் மாறினால், நம் கண் அதை உணர்ந்து அங்கே தாவத் தொடங்கவே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விநாடி ஆகும். ஃப்ரேம் கணக்கில் ஐந்து. இதனால் ஒரு பழைய விதி சற்றுச் சிக்கலாகிறது. வலது ஓரத்தில் வெளியேறும் பாத்திரம் அடுத்த ஷாட்டில் இடது ஓரத்தில் நுழைய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். திசைக்கு அது சரி. ஆனால் வெட்டும்போது கண் வலது ஓரத்தில் இருக்கிறது. அது மொத்தத் திரையையும் கடந்து இடது ஓரத்துக்கு வர வேண்டும். நிதானமான காட்சியில் இது தெரியாது. ஷாட்டுகள் ஒரு விநாடிக்கும் குறையும்போது, கண் வந்து சேர்வதற்குள் செயல் பாதி முடிந்துவிடும். அந்த இடங்களில் குரங்கு சட்டத்தை விட்டு வெளியேறும் வரை காத்திருக்காமல், அது நடுவில் இருக்கும்போதே வெட்டி, அடுத்த ஷாட்டையும் நடுவிலிருந்தே தொடங்க வேண்டும். 2015இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' படத்தை ஜார்ஜ் மில்லர் சுமார் 3,500 ஸ்டோரிபோர்டுக் கட்டங்களிலிருந்து உருவாக்கினார். அதில் மின்னல் வேக வெட்டுகளிலும் முக்கியமான பொருள் திரையின் மையத்திலேயே நிற்கும்படி பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரத் துரத்தலைக் கண் வலிக்காமல் பார்க்க முடிவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

அடுத்த 13 விநாடி சுனையில். இங்கே ஓட்டம் நிற்கிறது. துரத்தலின் நடுவே மூச்சு வாங்கும் இடம் ஒன்று தேவை. இல்லையென்றால் பின்னால் வரும் வேகத்துக்கு ஒப்பிட எதுவும் இருக்காது. குரங்கு சுனைக்கரையில் உட்கார்ந்து கண்ணாடியைக் கடித்துப் பார்க்கிறது. செல்வி பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து நீட்டுகிறாள். ஒரு கை பழத்தைக் கொடுக்கிறது, மறுகை கண்ணாடியை வாங்குகிறது. கதை முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில் அவள் தற்செயலாகக் கீழே பார்க்கிறாள்.

கீழே தாத்தா எழுந்துவிட்டார். பேத்தியைக் காணவில்லை என்று தேடி, கண்ணாடி இல்லாமல், கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டே மேலே ஏறுகிறார். அவர் கை நகர்ந்துகொண்டிருக்கும் அந்தக் கம்பி சற்றுத் தூரத்தில் உடைந்திருக்கிறது.

இந்தக் கணத்துக்காகத்தான் முதலில் கம்பியை ஆடவிட்டோம். ஆபத்து கூடுவது என்பது பெரும்பாலும் இழக்கப்போகும் பொருள் மாறுவதில் இருக்கிறது. இதுவரை இழக்க இருந்தது ஒரு மூக்குக்கண்ணாடி. இனி தாத்தா. இதே உடைந்த கம்பியை இந்த நேரத்தில் முதன்முறையாகக் காட்டினால், கதை எழுதியவர் வசதிக்காகக் கொண்டுவந்து வைத்ததைப் போல இருக்கும்.

திசையும் இங்கேதான் திரும்புகிறது. செல்வி இனி கீழே, அதாவது இடப்பக்கம் ஓட வேண்டும். இந்தத் திருப்பத்தை ஒரு வெட்டில் விடக் கூடாது. வலப்பக்கம் பார்த்து நிற்கும் அவள், அதே ஷாட்டுக்குள் உடலைத் திருப்பி இடப்பக்கம் ஓடத் தொடங்குவதைப் பார்ப்பவர் கண்ணால் காண வேண்டும். திசையை மாற்ற வேறு வழிகளும் உண்டு. பாத்திரம் நேராகக் கேமராவை நோக்கி ஓடிவரும் ஷாட் ஒன்றை நடுவில் வைத்தால், அதில் இடமும் இல்லை வலமும் இல்லை. அதற்குப் பிறகு எந்தப் பக்கம் ஓடினாலும் மனம் ஏற்றுக்கொள்ளும். கேமராவே ஷாட்டுக்குள் நகர்ந்து கோட்டைக் கடப்பதும் ஒரு வழி. ஆனால் இங்கே அவளாகத் திரும்புவதுதான் சரி, ஏனென்றால் திரும்புவது அவள் எடுக்கும் முடிவு. பஸ்டர் கீட்டன் 1926இல் எடுத்த 'த ஜெனரல்' படத்தில் ரயில் துரத்தல் ஒரு திசையில் போய், பிறகு அதே வழியே எதிர்த்திசையில் திரும்பிவருகிறது; போனபோது துரத்தியவன் வரும்போது துரத்தப்படுகிறான். நம் சின்னக் கதையிலும் அப்படியே செய்யலாம். பையில் இன்னும் பழம் இருப்பதைக் குரங்கு பார்த்துவிட்டது. இப்போது அது செல்வியைத் துரத்துகிறது.

திரும்பி வரும் 25 விநாடியில் இரண்டு இடைவெளிகள் ஓடுகின்றன. செல்விக்கும் குரங்குக்கும் இடையே ஒன்று. தாத்தாவின் கைக்கும் கம்பி உடைந்த இடத்துக்கும் இடையே ஒன்று. இரண்டையும் சம எடையில் காட்டினால் இரண்டுமே நீர்த்துப்போகும். குரங்கு பின்னால் சிறியதாக வந்தால் போதும். அதைச் சிரிப்புக்கு விட்டுவிடலாம். தாத்தாவின் கைதான் கடிகாரம். அது வரும் ஒவ்வொரு முறையும் உடைந்த முனை சட்டத்துக்குள் இன்னும் கொஞ்சம் நெருங்கியிருக்க வேண்டும். செல்வி இடப்பக்கம் பார்த்து, சட்டத்தின் வலப்பாதியில் ஓடுகிறாள். தாத்தா வலப்பக்கம் பார்த்து, இடப்பாதியில் ஏறுகிறார். இரண்டு ஷாட்டையும் மாற்றி மாற்றி வெட்டினால், இருவரும் ஒருவரையொருவர் நோக்கி வருகிறார்கள் என்பது வசனமே இல்லாமல் தெரியும். முன்பு தவறு என்று ஒதுக்கிய எதிர்த்திசை வெட்டு, இங்கே வேண்டுமென்றே பயன்படுகிறது. தோரண வாயில் ஒரு தடவை பின்னால் கடந்துபோக வேண்டும். செல்வி பாதி வந்துவிட்டாள் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

ஷாட்டுகளின் நீளத்தைப் படிப்படியாகக் குறைக்கலாம்: முதலில் மூன்று விநாடி, பிறகு இரண்டு, பிறகு ஒன்றரை, ஒன்று. ஏற்கெனவே பார்த்துப் பழகிய சட்டம் என்பதால் கடைசியில் 16 ஃப்ரேமில்கூடத் தாத்தாவின் கை புரிந்துவிடும். புதிய கோணம் ஒன்றை அந்த இடத்தில் நுழைத்தால் 16 ஃப்ரேம் போதாது. வேகம் கூடும் இடத்தில் புதுக் கோணங்களைத் தேடுவது பரவலாக நடக்கும் தவறு. அங்கேதான் பழைய கோணங்களையே திரும்பப் பயன்படுத்த வேண்டும். செலவுக்கும் அது நல்லது. பக்கவாட்டு ஓட்டத்தை ஒருமுறை வரைந்து சுழற்சியாகப் பயன்படுத்தலாம்; கேமராவை நோக்கி ஓடிவருவதில் ஒவ்வொரு ஓவியத்திலும் உருவத்தின் அளவு மாறும், அதனால் மறுபயன்பாட்டுக்கு வராது. அதுவும் படிக்கட்டு என்றால் பாதம் படியில் சரியாகப் பட வேண்டும். மூன்று நான்கு பேர் சேர்ந்து செய்யும் குறும்படத்தில் அப்படிப்பட்ட ஷாட் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம்.

கடைசி ஐந்து விநாடி, வெட்டில்லாத ஒரே ஷாட். இடப்பக்கத்திலிருந்து தாத்தா, வலப்பக்கத்திலிருந்து செல்வி, நடுவே வானத்தை ஒட்டி உடைந்த கம்பி. அவள் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

இப்படி நம் கதை சுமார் 34 ஷாட்டுகளில், நூறு சொச்சம் கட்டங்களில் அமைகிறது. இதைச் சோதிக்கச் சில எளிய வழிகள் உண்டு. எல்லாக் கட்டங்களையும் வரிசையாகச் சுவரில் ஒட்டிவிட்டு, படங்களைப் பார்க்காமல் அம்புகளை மட்டும் பார்த்துக்கொண்டு வர வேண்டும். முதல் பாதியில் செல்வியின் அம்பும் குரங்கின் அம்பும் எல்லாம் வலப்பக்கம். இறங்கும் கூட்டம் மட்டும் எதிரே. சுனைக்குப் பிறகு செல்வியும் குரங்கும் இடப்பக்கம், தாத்தா மட்டும் வலப்பக்கம். இந்தக் கணக்குக்குள் வராமல் ஓர் அம்பு தனியாகத் திரும்பி நின்றால் அந்த ஷாட்டில் கேமரா கோட்டைத் தாண்டியிருக்கிறது. பள்ளத்தாக்கின் ஆழத்தைக் காட்டும் ஆசையில் எங்காவது இடம் மாறி நின்று வரைந்திருப்போம். அந்த ஓவியத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பினால் திசை சரியாகிவிடும் என்று நினைக்கலாம். ஆனால் கைப்பிடிக் கம்பி பக்கம் மாறியிருக்கும், பின்னணியில் வானத்துக்குப் பதில் பாறை வந்திருக்கும். புதிதாக வரைவதுதான் வழி.

அடுத்தது அனிமேட்டிக். கட்டங்களைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொன்றும் எத்தனை ஃப்ரேம் நிற்க வேண்டுமோ அத்தனை ஃப்ரேம் நிறுத்தி, அசையாப் படங்களின் தொடராக ஓட்டிப் பார்ப்பது. இசையும் சத்தமும் சேர்க்காமல் முதலில் பார்க்க வேண்டும். நல்ல மேளச் சத்தம் குழப்பமான காட்சியையும் விறுவிறுப்பாகக் காட்டி ஏமாற்றிவிடும். கதை தெரியாத ஒருவரை உட்காரவைத்து ஓட்டி, நடுவில் எங்கேயாவது நிறுத்தி, "செல்வி இப்ப எங்க இருக்கா? குரங்கு எவ்வளவு தூரத்துல இருக்கு?" என்று கேட்க வேண்டும். பதில் சொல்ல அவர் தயங்கும் இடத்துக்கு முந்தைய ஷாட்டில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். குழப்பம் தெரியும் ஷாட்டையே திருத்திக்கொண்டிருப்பவர்கள் மணிக்கணக்கில் வீணாக்குவார்கள். இருபது படி இடைவெளியைக் காட்டும் ஷாட்டை ஒருவிநாடி நீட்டினாலே அடுத்த நான்கு ஷாட்டுகள் தெளிந்துவிடுவதுண்டு.

அனிமேட்டர்களிடம் கொடுப்பதற்கு முன்னால் கைகளைப் பார்க்க வேண்டும். வலப்பக்கம் பார்த்து ஓடும் ஒருவரின் வலது கைதான் நமக்கு அருகே இருக்கும். இடப்பக்கம் பார்த்து ஓடினால் இடது கை. செல்வி கண்ணாடியோடு இடப்பக்கம் இறங்குகிறாள். அது வலது கையில் இருந்தால் உடம்புக்குப் பின்னால் மறைந்து, 25 விநாடி முழுக்கக் கண்ணாடி எங்கே போனது என்ற சந்தேகம் வரும். ஆகவே சுனையில் பழத்தை வலது கையால் கொடுத்து, கண்ணாடியை இடது கையால் வாங்கும்படி கட்டத்தை மாற்றி, ஓரத்தில் குறிப்பும் எழுத வேண்டும். தாத்தாவுக்கு நேர்மாறான சிக்கல். அவர் வலப்பக்கம் ஏறுகிறார், கம்பி நமக்கு எதிர்ப்பக்கம். அவர் பிடித்திருப்பது இடது கையால். அது உடம்புக்குப் பின்னால் போய்விடும். அந்தக் கை அவருக்கு முன்னால் நன்றாக நீண்டு, மார்பைத் தாண்டி, வானத்துக்கு எதிரே தெரியும்படி எல்லாக் கட்டத்திலும் வரைய வேண்டும். கண் தெரியாமல் தடவி ஏறுபவர் கையை அப்படி முன்னால் நீட்டித்தான் ஏறுவார் என்பதால், அது பார்ப்பதற்கும் இயல்பாகவே இருக்கும்.